ஒரு பெட்டிகூட நகராத 20 பில்கள்

கடைகளுக்குக் கொடுத்த ஸ்கீம் தள்ளுபடியைத் திரும்பக் கேட்டு விநியோகஸ்தர் கம்பெனிக்கு அனுப்பும் ஸ்கீம் க்ளைமில் கூட்டல் பிழை கிடைப்பது அபூர்வம். ஸ்கீம் சர்க்குலர் நகல், கடைவாரியான பில் பட்டியல், தள்ளுபடித் தொகை, விற்பனை அதிகாரியின் கையெழுத்து, ஏரியா மேனேஜரின் ஒப்புதல் எல்லாம் கோப்பில் வரிசையாக இருக்கும். மென்பொருளே தயாரித்த அறிக்கை என்பதால் கணக்கும் கச்சிதமாக இருக்கும். கணக்குப் பிரிவில் ஒருவர் அதைச் சரிபார்த்து, விநியோகஸ்தரின் பெயரில் க்ரெடிட் நோட் போட்டுவிடுவார். உள் தணிக்கைக்கு வருபவரும் அதே தாள்களை எடுத்து அதே கூட்டலைப் போட்டால் அதே விடைதான் கிடைக்கும். கோப்பு சரியாக இருக்கிறது என்பதைத் தவிர அவருக்குப் புதிதாக ஒன்றும் தெரியப்போவதில்லை.

சிக்கல் க்ளைமின் தன்மையிலேயே இருக்கிறது. கம்பெனி விநியோகஸ்தருக்கு விற்பது பிரைமரி விற்பனை. அதன் பில், லாரி ரசீது, பணவரவு எல்லாம் கம்பெனியின் கையில் உண்டு. விநியோகஸ்தர் கடைக்காரருக்கு விற்பது செகண்டரி விற்பனை. அங்கே பில் போடுபவர் விநியோகஸ்தர், சரக்கை இறக்குபவர் அவருடைய ஆள், பணம் வாங்குபவரும் அவர்தான். செகண்டரி ஸ்கீமில் கடைக்காரருக்குத் தள்ளுபடியைக் கொடுத்துவிட்டு, அந்தத் தொகையை விநியோகஸ்தர் கம்பெனியிடம் கேட்டு வாங்குகிறார். ஆக, கம்பெனி கண்ணால் பார்க்காத ஒரு கடை வாசலில் நடந்ததாகச் சொல்லப்படும் விஷயத்துக்குக் காசு கொடுக்கிறது.

தணிக்கைக்காரர் அந்தக் கடை வாசலுக்கு எவ்வளவு அருகில் போக முடியும் என்பதுதான் இந்தக் கட்டுரையின் விஷயம். ஒரே ஒரு மாத க்ளைமை எடுத்துக்கொண்டு கடைசிவரை போகலாம். வழக்கமான முறைகேடுகளைக் கோத்து அமைத்த மாதிரிக் கணக்கு இது. விலைகளை வெறும் எண்ணாகவே தருகிறேன், எந்த நாணயத்தை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள்.

சரக்கு, சலவைத்தூள். ஒரு கிலோ பாக்கெட் 24 கொண்டது ஒரு பெட்டி. அட்டையோடு எடை ஏறத்தாழ 25 கிலோ. கடைக்காரருக்குப் பெட்டி விலை 1,200. ஸ்கீம் மாதத்தின் 1ஆம் தேதி முதல் 30ஆம் தேதி வரை. ஒரே பில்லில் 5 முதல் 9 பெட்டி எடுத்தால் 4 சதவீதம், 10 முதல் 24 வரை 6 சதவீதம், 25 அல்லது அதற்கு மேல் போனால் 9 சதவீதம் தள்ளுபடி. நாலு பெட்டிக்குள் வாங்குபவருக்கு ஒன்றும் இல்லை. இதற்கு மேல் விநியோகஸ்தருக்குத் தனியாக ஒரு ஊக்கத்தொகையும் உண்டு. மாதத்தில் 2,400 பெட்டி செகண்டரி விற்றால், விற்ற மதிப்பில் 1 சதவீதம். ஒரு பெட்டி குறைந்தாலும் பூஜ்யம்.

விநியோகஸ்தர் காட்டிய விற்பனை 2,460 பெட்டி. தள்ளுபடி க்ளைம் 1,71,600. ஊக்கத்தொகை 29,520.

டார்கெட்டை 60 பெட்டியில் தாண்டியிருக்கிறார். இதைக் குற்றமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. டார்கெட் இருந்தால் அதைத் தொடும் அளவுக்கு ஓடுவதுதான் எல்லோருடைய வழக்கமும். ஆனால் எந்த விநியோகஸ்தரை முதலில் பார்ப்பது என்று தேர்ந்தெடுக்கும்போது, டார்கெட்டை மயிரிழையில் தாண்டியவர்கள் பட்டியலின் மேலே வரட்டும். பலர் க்ளைம் தொகை பெரிதாக இருப்பவர்களை மட்டும் தேர்ந்தெடுக்கிறார்கள். அது விற்பனை பெரிதாக இருப்பவர்களின் பட்டியலாகத்தான் முடிகிறது.

சரக்குச் சமன்பாடு

பில்லை எத்தனை வேண்டுமானாலும் அடிக்கலாம், இல்லாத பெட்டியை விற்க முடியாது. அதனால் முதல் வேலை, அந்த மாதத்தில் அதிகபட்சம் எத்தனை பெட்டி வெளியே போயிருக்க முடியும் என்று கணக்கிடுவது.

```
வெளியே போனது = ஆரம்ப இருப்பு + மாதத்தில் வந்திறங்கியது − சேதம் − இறுதி இருப்பு
```

எளிமையாகத்தான் தெரிகிறது. இதில் ஒவ்வொரு சொல்லிலும் ஒரு கண்ணி இருக்கிறது. "வந்திறங்கியது" என்பது கம்பெனி பில் போட்டது அல்ல. நமது கணக்கில் கம்பெனி அந்த மாதம் 2,900 பெட்டிக்குப் பில் போட்டது. அதில் 400 பெட்டி 30ஆம் தேதி லாரியில் ஏறி, அடுத்த மாதம் 2ஆம் தேதி குடோனில் இறங்கியது. எனவே மாதத்துக்குள் இறங்கியது 2,500. ஆரம்ப இருப்பு 640, சேதமானது 20. மென்பொருளில் மாத இறுதி இருப்பு 660 என்று இருக்கிறது. 640, 2,500 இரண்டையும் கூட்டி, 20, 660 இரண்டையும் கழித்தால் 2,460. க்ளைமில் சொன்ன அதே எண்.

இத்தோடு கோப்பை மூடிவிட்டவர்கள் ஏராளம். சமன்பாடு இங்கே எதையும் சோதிக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். பில் போடும் அதே மென்பொருள்தான் இருப்பையும் குறைக்கிறது. பொய்யான பில் போட்டால் இருப்பும் பொய்யாகவே குறையும். இரண்டும் ஒத்துப்போகாமல் இருந்தால்தான் ஆச்சரியம். சமன்பாட்டில் ஓர் எண்ணாவது மென்பொருளுக்கு வெளியிலிருந்து வர வேண்டும். அது குடோனில் ஆள் நின்று எண்ணிய இறுதி இருப்பு.

நமது தணிக்கைக் குழு குடோனுக்குப் போனது 6ஆம் தேதி காலை. எண்ணியபோது இருந்தது 1,430 பெட்டி. அதை 30ஆம் தேதி இரவுக்குப் பின்னோக்கிக் கொண்டுபோக வேண்டும். 1 முதல் 5 வரை வந்திறங்கிய 400ஐக் கழிக்க வேண்டும், அந்த நாட்களில் விற்ற 150ஐக் கூட்ட வேண்டும். விடை 1,180. மென்பொருள் சொல்லும் 660ஐவிட 520 பெட்டி அதிகம்.

இதைச் சொன்னதும் விநியோகஸ்தரின் கணக்கர் ஒரு தாளை நீட்டுவார். 2, 3, 4 தேதிகளில் கடைகளிலிருந்து 520 பெட்டி ரிட்டர்ன் வந்திருக்கிறது, அதை ஏன் விட்டுவிட்டீர்கள் என்பார். அவர் சொல்வது நியாயமான கேள்வி. ரிட்டர்ன் வந்த சரக்கு 6ஆம் தேதி எண்ணிக்கையில் சேர்ந்திருக்கும், ஆகவே பின்னோக்கிப் போகும்போது அதையும் கழித்தாக வேண்டும். கழித்தால் 1,180 மைனஸ் 520, அதாவது 660. மறுபடியும் கச்சிதம்.

இப்போது கையில் இரண்டு விடைகள். 520 பெட்டி 30ஆம் தேதி கடைகளுக்குப் போய், நாலைந்து நாளில் திரும்பி வந்திருந்தால் இறுதி இருப்பு 660. அவை குடோனைவிட்டு நகரவே இல்லை என்றால் 1,180. எண்ணிக்கையை வைத்து இதற்கு மேல் போக முடியாது. 6ஆம் தேதி குடோனில் நிற்பவருக்கு இரண்டு நிலைமைகளும் ஒரே மாதிரிதான் தெரியும். அதே இடத்தில், அதே பெட்டிகள்.

எடை பொய் சொல்லாது

520 பெட்டியின் எடை 13 டன். விநியோகஸ்தரிடம் இருப்பவை தலா ஒன்றரை டன் ஏற்றும் இரண்டு டெலிவரி வண்டிகள். 13 டன்னை ஒன்றரை டன் வண்டியில் அனுப்பக் குறைந்தது 9 நடை வேண்டும். அதுவும் வேறு எந்தச் சரக்கையும் ஏற்றாமல். 30, 1 ஆகிய இரண்டு நாட்களுக்கான லோடிங் ஷீட்டுகளை எடுத்தால் மொத்தமே 4 நடைதான். அவற்றிலும் வழக்கமான மற்ற சரக்குகள் ஏறியிருக்கின்றன. திரும்பி வருவதற்கும் 13 டன்னுக்கு வண்டி வேண்டுமல்லவா? ரிட்டர்ன் வந்ததாகச் சொன்ன மூன்று நாட்களில் வண்டி திரும்பியபோது சரக்கு இருந்ததாக எந்த ஷீட்டிலும் குறிப்பில்லை.

லோடிங் ஷீட் என்பது யாரும் பெரிதாக மதிக்காத தாள். டிரைவரும் குடோன் ஆளும் பென்சிலில் கிறுக்கி வைத்திருப்பார்கள். அதனாலேயே நம்பகமானது. க்ளைமுக்கு ஆதாரமாக யாரும் கேட்காததால் யாரும் அதைத் திருத்தி வைப்பதில்லை. அது கிடைக்காத இடத்தில் டீசல் ரசீது, சுமைக் கூலிக் கணக்கு, வண்டி வாடகைப் பில் ஆகியவற்றில் ஒன்று இருக்கும். சுமைக் கூலி பெட்டிக்கு இவ்வளவு என்று கொடுக்கப்படும் இடத்தில் அதைவிட நல்ல சாட்சி இல்லை. தூக்காத பெட்டிக்கு விநியோகஸ்தர் கூலி கொடுக்க மாட்டார்.

வண்டிக் கணக்கு சந்தேகத்தை உறுதியாக்கியபின் பில்களுக்குத் திரும்பலாம். ரிட்டர்ன் ஆன 520 பெட்டிகள் 20 பில்களில் இருந்தன. ஒவ்வொன்றும் 26 பெட்டி, அதாவது 9 சதவீதம் கிடைக்கும் உச்ச ஸ்லாபுக்கு வேண்டிய 25ஐவிட ஒன்று அதிகம். எல்லாம் 30ஆம் தேதி இரவு முக்கால் மணி நேரத்துக்குள் போடப்பட்டவை, பில் எண்கள் அடுத்தடுத்து. அந்த 20 கடைகளும் நாலு வெவ்வேறு ரூட்டுகளில் இருப்பவை. உண்மையான நாளில் ஒரு ரூட்டின் பில்கள் சேர்ந்து வரும், இடையிடையே மற்ற சரக்குகளின் பில்கள் கலந்திருக்கும். கடந்த ஆறு மாதத்தில் இந்தக் கடைகள் மாதத்துக்கு 3 முதல் 6 பெட்டிதான் எடுத்திருக்கின்றன. எந்தப் பில்லுக்கும் பணம் வரவில்லை, ஒரு பகுதிகூட. ரிட்டர்ன் எல்லாம் முழுப் பில் ரிட்டர்ன். கடைக்காரர் நிஜமாகத் திருப்பினால் நாலு பெட்டியை வைத்துக்கொண்டு மிச்சத்தைத் திருப்புவார். 20 பேரும் ஒரு பாக்கெட்கூட விற்காமல் 26ஐயும் திருப்பினார்கள் என்பது நடக்காத காரியம்.

இந்தக் குறிகளில் எதுவும் தனியாக நின்றால் செல்லாது. மாத இறுதி இரவில் பில் போடுவது வழக்கம்தான், கடன் கொடுப்பதும் வழக்கம்தான். வண்டி போகவில்லை என்பதோடு சேரும்போதுதான் இவை பேசுகின்றன. அதனால்தான் வண்டியை முதலில் பார்க்கச் சொல்கிறேன்.

ஒரு எச்சரிக்கை. இந்தத் தந்திரத்தை மூன்று மாதக் கணக்கைச் சேர்த்துப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. ஒரு மாதக் கடைசியில் ஏறியது அடுத்த மாத ஆரம்பத்தில் இறங்கிவிடும், காலாண்டுக்குச் சமன்பாடு சரியாகவே இருக்கும். மாதம் மாறும் அந்த நாலைந்து நாட்களில்தான் அது தெரியும். ஆரம்ப இருப்பான 640க்கும் இதே சந்தேகம் பொருந்தும். போன மாதமும் இதையே செய்திருந்தால், 1ஆம் தேதி குடோனில் நிஜமாக இருந்தது 640ஐவிட அதிகம். அப்போது உண்மையில் வெளியே போனதும் நாம் கணக்கிட்டதைவிட அதிகமாக இருக்கும். ஆரம்ப நாட்களின் ரிட்டர்ன் பட்டியலைப் பார்க்காமல் 520 என்ற எண்ணை அறிக்கையில் எழுதினால் விநியோகஸ்தரின் பக்கம் நியாயம் போய்விடும். நமது கணக்கில் அந்த மாதத்தின் முதல் வாரத்தில் இந்தச் சரக்குக்கு ரிட்டர்ன் ஏதும் இல்லை, ஆகவே 640 நிற்கிறது. உண்மையில் வெளியே போனது 1,940 பெட்டி. அது 2,400க்கு வெகு கீழே.

பணம் எந்த ஓட்டையில் போனது

520 பெட்டி, பெட்டி 1,200 வீதம் 6,24,000. அதில் 9 சதவீதம் 56,160. சரக்கு ரிட்டர்ன் ஆனபோது இந்தத் தள்ளுபடி ஏன் திரும்பவில்லை?

க்ளைம் அறிக்கை எடுக்கும்போது மென்பொருள் ஸ்கீம் தேதிக்குள் போட்ட பில்களைத் தேடுகிறது. ரிட்டர்ன் அடுத்த மாதத் தேதியில் பதிவாவதால் அது அறிக்கைக்குள் வருவதே இல்லை. அடுத்த மாதம் வேறு ஸ்கீம், வேறு குறியீடு. பழைய ஸ்கீமின் ரிட்டர்ன் அதிலும் சேராது. இரண்டு மாதங்களுக்கும் நடுவில் விழுந்து காணாமல் போகிறது. இதற்கு யாருடைய கெட்ட எண்ணமும் தேவையில்லை. நேர்மையான விநியோகஸ்தருக்கு வரும் உண்மையான ரிட்டர்னிலும் கம்பெனி இதே பணத்தை இழந்துகொண்டிருக்கும். எனவே ஓர் இடத்தில் இது கிடைத்தால், எல்லா விநியோகஸ்தர்களுக்கும் ஸ்கீம் முடிந்த 30 நாட்களுக்குள் வந்த ரிட்டர்ன்களை அசல் பில்லோடு பொருத்திப் பார்க்க வேண்டும். பெரும்பாலும் அந்த ஒற்றை வினவலில் கிடைக்கும் தொகை, மோசடியில் கிடைப்பதைவிடப் பெரிதாக இருக்கும்.

இன்னொரு கேள்வி, இதை யார் செய்தது. 56,160க்காக விநியோகஸ்தர் இதைச் செய்திருப்பார் என்று நினைப்பது இயல்பு. ஆனால் செகண்டரி டார்கெட் விநியோகஸ்தருக்கு மட்டும் உரியதல்ல, அவரைப் பார்த்துக்கொள்ளும் விற்பனை அதிகாரியின் ஊக்கத்தொகையும் அதே 2,400இல்தான் தொங்குகிறது. பில்கள் எந்தப் பயனர் பெயரில், எந்தக் கணினியில் போடப்பட்டன என்ற பதிவை எடுக்க வேண்டும். பல இடங்களில் விற்பனை அதிகாரியே விநியோகஸ்தரின் மென்பொருளில் நுழைந்து வேலை செய்வது சகஜமாகிவிட்டது. அப்படியிருக்கும்போது "க்ளைமை விற்பனை அதிகாரி சரிபார்த்துக் கையெழுத்திட்டார்" என்பதைக் கட்டுப்பாடு என்று எழுதுவது வேடிக்கை.

மீதி 1,940இல் இருப்பது

இதுவரை பார்த்தது சரக்கே நகராத கதை. நகர்ந்த சரக்கிலும் ஒன்று உண்டு, அதைச் சமன்பாடு காட்டிக்கொடுக்காது. பில்களைப் பெட்டி எண்ணிக்கைவாரியாக அடுக்கிப் பார்க்க வேண்டும்.

```sql
SELECT cases, COUNT(*) AS bills
FROM secondary_bills
WHERE scheme_code = 'S1'
GROUP BY cases
ORDER BY cases;
```

20 போலிப் பில்களை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், 24 பெட்டிக்கு ஒரு பில்லும் இல்லை, 23க்கு ஒன்று, சரியாக 25 பெட்டிக்கு 14 பில்கள். ஸ்லாப் எல்லையில் இப்படிக் குவிந்திருப்பதைக் கண்டதும் சிவப்பு மையை எடுத்துவிடக் கூடாது. ஸ்கீம் போட்டதே 20 பெட்டி வாங்குபவரை 25க்கு இழுக்கத்தானே? குவியாமல் இருந்தால் ஸ்கீம் தோற்றுவிட்டது என்று பொருள். கேட்க வேண்டியது, குவிந்தவர்கள் எங்கிருந்து வந்தார்கள் என்பது. வழக்கமாக 15 முதல் 24 வரை எடுக்கும் கடை 25க்கு நகர்ந்தால் ஸ்கீம் வேலை செய்கிறது. மாதம் எட்டுப் பத்துப் பெட்டி எடுக்கும் கடையின் பெயரில் திடீரென்று நாலு முறை 25 வந்தால் அந்தப் பெயர் வேறு எதற்கோ பயன்படுகிறது.

14 பில்களும் நாலு கடைகளின் பெயரில் இருந்தன. ஒருவர் உண்மையான சிறு மொத்த வியாபாரி. இடமும் இருக்கிறது, மறுவிற்பனையும் இருக்கிறது, இரண்டு பில் எடுத்திருக்கிறார், அது நியாயம். மற்ற மூன்று கடைகளின் பெயரில் ஆளுக்கு நாலு பில், மொத்தம் 12, சரக்கு 300 பெட்டி. லோடிங் ஷீட்டின்படி அந்தச் சரக்கு குடோனைவிட்டுப் போயிருக்கிறது. ஆனால் அந்த மூன்று கடைகளுக்கு இல்லை.

சேல்ஸ்மேன்கள் கையில் வைத்திருக்கும் கருவியில் ஆர்டர் எடுக்கிறார்கள். அந்த ஆர்டர் பட்டியலைப் பில் பட்டியலோடு பொருத்தினால், அதே நாட்களில் 71 சிறு கடைகள் ஒரு முறைக்கு ஒன்று முதல் நாலு பெட்டிவரை, சில கடைகள் ஒன்றுக்கு மேற்பட்ட முறை, ஆர்டர் கொடுத்து, அந்த ஆர்டர்கள் "ரத்து" என்று மூடப்பட்டிருக்கின்றன. ரத்தானவற்றின் கூட்டு 308 பெட்டி. குடோனில் சரக்கு இருக்கும்போது 71 பேர் ஒரே வாரத்தில் ஆர்டரை ரத்து செய்ய மாட்டார்கள். நடந்தது இதுதான். சிறு கடைகளுக்குத் துண்டுச் சீட்டில் முழு விலைக்குச் சரக்கை இறக்கிவிட்டு, பில்லை மட்டும் சேர்த்துக் கட்டி மூன்று பெயர்களில் போட்டுவிட்டார்கள். கடைக்காரர் கொடுத்தது 1,200. பில்லில் இருப்பது 9 சதவீதம் குறைந்த விலை. நடுவில் இருக்கும் 108 விநியோகஸ்தரின் கையில் நிற்கிறது, கம்பெனியிடமிருந்தும் அதே 108 க்ளைமாக வருகிறது. 300 பெட்டிக்கு 32,400.

இதில் கம்பெனிக்குப் பணத்தைவிடப் பெரிய சேதம் ஒன்று உண்டு. அந்த மாத அறிக்கையில் 71 கடைகள் வாங்காத கடைகளாகிவிட்டன. ஸ்கீம் முடிந்தபின் "சிறு கடைகள் நம்மைவிட்டுப் போகின்றன, பெரிய கடைகளில்தான் வளர்ச்சி" என்று விற்பனைப் பிரிவு ஒரு முடிவுக்கு வந்து, அடுத்த ஸ்கீமில் உச்ச ஸ்லாபை இன்னும் ஏற்றும். ஸ்கீம் ஓடிய மாதத்தில் பில் ஆன கடைகளின் எண்ணிக்கை இறங்கி, ஒரு பில்லின் சராசரி ஏறியிருந்தால் பில் கட்டுவதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

கடைகளுக்குப் போய்க் கேட்பதில் ஒரு நுணுக்கம். "இந்த மாதம் 9 சதவீதம் தள்ளுபடி கிடைத்ததா?" என்று கேட்டால் கடைக்காரர் "கிடைத்தது" என்பார். விநியோகஸ்தர் அவருக்குக் கடன் கொடுப்பவர், நாளைக்கும் சரக்கு வேண்டும். "கடைசியாக எத்தனை பெட்டி எடுத்தீர்கள், எந்த விலைக்கு, சீட்டு இருக்கிறதா?" என்று கேளுங்கள். ஸ்கீமைப் பற்றிய பேச்சே வேண்டாம். விநியோகஸ்தரின் ஆளையும் விற்பனை அதிகாரியையும் கூட அழைத்துப் போகாதீர்கள். பில்லில் பெயர் உள்ள மூன்று கடைகளையும் பார்த்தாக வேண்டும், ஏனென்றால் வலுவான சான்று அங்கேதான் இருக்கிறது. தன் பெயரில் 100 பெட்டி எழுதப்பட்டதைக் கேட்டு முழிப்பவரின் முகத்தைவிட அவருடைய கொள்முதல் நோட்டு முக்கியம். 71 கடைகளில் 20ஐப் பார்த்தால் போதும். அதில் 17 பேர் முழு விலைக்குச் சரக்கு வாங்கியதாகச் சொன்னால், 17 என்றே எழுதுங்கள். மீதியையும் அப்படியே என்று பெருக்கி எழுத வேண்டியதில்லை. 300 பெட்டியை நிலைநாட்ட மூன்று கடைகளின் நோட்டே போதும்.

எவ்வளவு என்று எழுதுவது

அறிக்கையில் தொகை எழுதும் இடத்தில்தான் நல்ல தணிக்கைகள் சறுக்குகின்றன. 6,24,000க்குப் போலி விற்பனை என்று தலைப்புப் போட ஆசையாக இருக்கும். அது இழப்பு அல்ல, சரக்கு குடோனில் பத்திரமாக இருக்கிறது. இழப்பு மூன்று பகுதி. நகராத பெட்டிகளின் தள்ளுபடி 56,160. கட்டிய பில்களின் தள்ளுபடி 32,400. டார்கெட் தொடாததால் தகுதியிழந்த ஊக்கத்தொகை 29,520. மொத்தம் 1,18,080. ஊக்கத்தொகையை 520 பெட்டிக்கு மட்டும் கணக்கிட்டுக் கழிப்பது தவறு. 2,400 தொடவில்லை என்பதால் முழுத்தொகையும் போகிறது. மாறாக, கட்டிய பில்களின் 300 பெட்டி நிஜமாக விற்றவை, அவற்றை டார்கெட் கணக்கிலிருந்து எடுக்கக் கூடாது. இந்த வேறுபாட்டைத் தெளிவாக எழுதினால் விநியோகஸ்தரோடு நடக்கும் வாக்குவாதம் பாதியாகக் குறையும். க்ளைமில் மீதமுள்ள 83,040 சரியானது என்பதையும் எழுத வேண்டும். எழுதாவிட்டால் கணக்குப் பிரிவு பயந்துபோய் முழு க்ளைமையும் நிறுத்திவைக்கும். அடுத்த மாதம் விநியோகஸ்தர் கம்பெனிக்குத் தர வேண்டிய பணத்தை நிறுத்துவார். அதைப் பேசித் தீர்க்கவே இரண்டு மாதம் போகும்.

பரிந்துரைகளில் இரண்டை மட்டும் வலியுறுத்துவேன். முதலாவது, க்ளைமை ஸ்கீம் முடிந்து 30 நாள் கழித்து, அதற்குள் வந்த ரிட்டர்னைக் கழித்த நிகர விற்பனையின் மேல் மட்டும் தீர்ப்பது. விநியோகஸ்தரின் பணம் ஒரு மாதம் கூடுதலாக முடங்கும் என்ற முறையீடு நியாயமானது. 80 சதவீதத்தை உடனே கொடுத்து மிச்சத்தைப் பின்னால் தீர்க்கலாம். இரண்டாவது, ரத்தான ஆர்டர்களின் பட்டியலை விற்பனைப் பிரிவுக்கு வெளியே உள்ள ஒருவர் மாதாமாதம் பார்ப்பது. ஸ்லாபை ஒரு பில்லுக்கு என்பதற்குப் பதிலாக ஒரு கடையின் மாதக் கூட்டுக்கு என்று மாற்றும் யோசனையைப் பலர் எழுதுகிறார்கள். அது 25 பெட்டியை ஒரே நாளில் வைக்க இடமில்லாத கடைக்காரருக்கு நல்லது. பில் கட்டுவதை அது தடுக்காது, இன்னும் எளிதாக்கும். மாதம் முழுவதும் சிறிது சிறிதாக ஒரே பெயரில் எழுதிக்கொள்ளலாமே.

நிதி அறிக்கைப் பக்கத்தையும் ஒருமுறை திரும்பிப் பார்க்க வேண்டும். 2018 முதல் நடைமுறைக்கு வந்த ஐஎஃப்ஆர்எஸ் 15 கணக்குத் தரத்தின்படி, விநியோகஸ்தருக்கோ அவரிடம் வாங்கும் கடைக்காரருக்கோ கொடுக்கும் இத்தகைய தொகைகள், பதிலுக்குத் தனியான ஒரு பொருளோ சேவையோ கிடைக்காதவரை, விளம்பரச் செலவாகப் போகாமல் விற்பனை வருமானத்திலிருந்தே கழிய வேண்டும். மாத இறுதியில் குடோனில் 1,180 பெட்டி தேங்கி நிற்கிறது என்றால், அந்தச் சரக்கை நகர்த்த இனிமேல் கொடுக்கப்போகும் தள்ளுபடியையும் மதிப்பிட்டு ஒதுக்க வேண்டியிருக்கலாம். 660 என்று நம்பி ஒதுக்கினால் ஒதுக்கீடு குறைவாக இருக்கும். தேங்கியதற்குப் பின்னால் "விற்காவிட்டால் திருப்பி எடுத்துக்கொள்கிறோம்" என்று யாராவது மின்னஞ்சலில் சொல்லியிருந்தால் விஷயம் இன்னும் பெரிது, பிரைமரி விற்பனையே கேள்விக்குள்ளாகும். அமெரிக்காவில் ஹெய்ன் செலஸ்டியல் என்ற உணவுப்பொருள் நிறுவனத்தின் மீது அந்நாட்டுப் பங்குச்சந்தை ஒழுங்குமுறை ஆணையம் 2018 டிசம்பரில் எடுத்த நடவடிக்கை இதைப் பற்றியதுதான். காலாண்டு இறுதியில் டார்கெட்டைத் தொட, விற்பனைப் பிரிவினர் விநியோகஸ்தர்களுக்குச் சரக்கைத் திருப்பும் உரிமை, ரொக்க ஊக்கத்தொகை, கூடுதல் தள்ளுபடி, நீண்ட கடன் தவணை ஆகியவற்றைக் கொடுத்திருந்தார்கள். அவற்றை முறையாக ஆவணப்படுத்திக் கணக்குப் பிரிவுக்குக் கொண்டுசேர்க்கும் கட்டுப்பாடுகள் போதவில்லை என்பதே குற்றச்சாட்டு. நிறுவனம் தானே முன்வந்து தெரிவித்து ஒத்துழைத்ததால் அபராதம் விதிக்கப்படவில்லை. மாதக் கடைசி வாரத்தில் விற்பனை அதிகாரிக்கும் விநியோகஸ்தருக்கும் இடையே போன கடிதங்களைப் படிப்பதைத் தணிக்கைத் திட்டத்தில் சேர்ப்பது இதற்காகத்தான்.

அடுத்த முறை குடோன் எண்ணிக்கைக்கு 6ஆம் தேதி போக வேண்டாம். 1ஆம் தேதி காலை, முதல் வண்டியில் சரக்கு ஏறுவதற்கு முன்பே போய் நில்லுங்கள். அப்போது ரிட்டர்ன் என்று காட்ட ஒரு பதிவும் இருக்காது. முந்தைய இரவு வரை போட்ட பில்களில் இன்னும் டெலிவரி ஆகாதவை எவை என்று எண்ணத் தொடங்குவதற்கு முன்னால் குடோன் பொறுப்பாளரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். எண்ணி முடித்தபின் கேட்டால், இருக்கும் வித்தியாசத்துக்குச் சரியாகப் பொருந்தும் ஒரு பட்டியல் வரும்.